மெட்டைக் கண்டுபிடிக்கும் ஆப் கைவிரிக்கும்போது

தெரிந்தவர் ஒருவர் எழுபது விநாடி வீடியோ ஒன்றை அனுப்பி, "இது என்ன இசைன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, நானும் மூணு ஆப்பில் போட்டுப் பார்த்துட்டேன்" என்றார். ஓர் அரங்கின் மேல்மாடியிலிருந்து போனில் எடுத்தது. முதல் எட்டு விநாடிக்கு யாரோ இருமுகிறார்கள், நாற்காலி கிறீச்சிடுகிறது. அப்புறம் தாழ்ந்த குரலில் தந்திக் கருவிகள் மட்டும், வேறு எதன் துணையும் இல்லாமல், மிக மெல்ல ஒரு மெட்டை வாசிக்கின்றன. பாடல் வரி கிடையாது. அவர் அதை ஹம் செய்தும் பார்த்திருக்கிறார், சம்பந்தமில்லாத பாட்டுகள் வந்தனவாம்.

இந்த ஆப்கள் தடுமாறும் மூன்று இடங்களும் அந்த ஒரே கிளிப்பில் இருந்தன: நேரடி நிகழ்ச்சி, மெல்லிய பகுதி, ஹம்மிங். அதனால் அந்தக் கிளிப்பை வைத்தே வழியைச் சொல்கிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஆப்பை மறுபடி மறுபடி அழுத்துவதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள். காதில் விழுவது ஏற்கெனவே வெளியான ஒரு ஒலிப்பதிவா, அல்லது அந்த நேரத்தில் மனிதர்கள் வாசித்ததா, பாடியதா? கடையில், காரில், டிவியில், ரீல்ஸ் மாதிரியான குட்டி வீடியோக்களின் பின்னணியில் கேட்பது பெரும்பாலும் பதிவு. மேடையில், தெருமுனையில், பக்கத்து வீட்டில் கேட்பது மனிதர்கள். பின்னால் எந்தப் பாதையில் போவது என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது. பலர் இதைத் தாண்டிப்போய், நேரடி நிகழ்ச்சியின் கிளிப்பை மணிக்கணக்கில் சுத்தம் செய்துகொண்டிருப்பார்கள். எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது சிக்காது. ஏன் என்று பார்ப்போம்.

ஆப் எதைக் கேட்கிறது

ஷாஸாம் மாதிரியான ஆப்கள் மெட்டைக் கேட்பதில்லை. அவை எப்படி வேலை செய்கின்றன என்பதை அந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஏவரி வாங் 2003-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதி வெளியிட்டார். அடிப்படை எளிமையானது. ஒலியை நேரம் ஒரு பக்கம், சுருதியின் உயரம் ஒரு பக்கம் என்று ஒரு வரைபடமாகப் போடுகிறார்கள். அந்தப் படத்தில் சுற்றியுள்ளவற்றைவிடத் தூக்கலாக நிற்கும் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மிஞ்சுவது இரவு வானத்தில் நட்சத்திரங்கள் தெரிவதுபோல ஒரு புள்ளிக் கூட்டம். பிறகு இரண்டிரண்டு புள்ளிகளாகச் சேர்த்து, முதல் புள்ளியின் அதிர்வெண், இரண்டாவதின் அதிர்வெண், இரண்டுக்கும் நடுவே உள்ள நேர இடைவெளி ஆகிய மூன்றையும் ஓர் எண்ணாக மாற்றிச் சேமிக்கிறார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் இப்படி ஆயிரக்கணக்கான எண்கள் இருக்கும். இதைத்தான் ஒலியின் கைரேகை என்கிறார்கள்.

நீங்கள் போனை நீட்டும்போது, அந்தத் துண்டிலிருந்தும் இதேபோல எண்கள் எடுக்கப்பட்டுக் கிடங்கில் தேடப்படுகின்றன. எண்கள் ஒத்துப்போனால் மட்டும் போதாது. அவை மூலப் பதிவில் எந்த வரிசையில், எந்த இடைவெளியில் வந்தனவோ, அதே ஒழுங்கில் இங்கும் வர வேண்டும். இரைச்சலான இடத்தில்கூட இந்த முறை நன்றாக வேலை செய்யக் காரணம் இதுதான். பேச்சுச் சத்தம் நிறையப் பொய்ப் புள்ளிகளைச் சேர்க்கும், சில நல்ல புள்ளிகளை மறைக்கும். ஆனாலும் தப்பிப் பிழைத்த கொஞ்சம் புள்ளிகள் ஒரே ஒழுங்கில் நின்றால் போதும், பாட்டு சிக்கிவிடும்.

இதே காரணத்தால்தான் நேரடி நிகழ்ச்சியில் அது தோற்கிறது. பாடகர் அன்று அரைக் கட்டை இறக்கிப் பாடினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 440 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய ஸ்வரம் 415-க்குப் போய்விடும். எல்லா ஸ்வரங்களும் அதே விகிதத்தில் இறங்கும். நம் காதுக்கு அதே பாட்டு, கைரேகைக்கு ஒரு புள்ளிகூட இருந்த இடத்தில் இல்லை. சுருதி மாறவில்லை, வேகம் மட்டும் நூற்றுக்கு மூன்று பங்கு கூடியது என்றாலும் பத்து விநாடித் துண்டு 9.7 விநாடியில் முடிந்துவிடும், ஒழுங்கு குலைந்துவிடும். இரண்டும் மாறவில்லை என்றாலும், மனிதர்கள் ஒரே பாட்டை இரண்டு முறை விநாடியில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் வாசிப்பதில்லை. கைரேகை கேட்கும் துல்லியம் அந்த அளவிலானது.

இதைத் திருப்பிப் போட்டாலும் ஒரு செய்தி கிடைக்கும். "நேரடி" என்று சொன்ன நிகழ்ச்சியில் ஆப் சட்டென்று ஸ்டூடியோ பதிவின் பெயரைச் சொல்லிவிட்டால், மேடையில் பெரும்பாலும் பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது பின்னணி இசையாவது பதிவு.

பதிவுதான், ஆனால் மெல்லிய பகுதி

கேட்டது பதிவு என்றால் நம்பிக்கை உண்டு. மெல்லிய பகுதியில் ஆப் தோற்பதற்கு ஒலி குறைவு என்பது நேரடிக் காரணம் அல்ல. ஒலியைக் கூட்டினால் பின்னணி இரைச்சலும் சேர்ந்தே கூடும், விகிதம் அப்படியேதான் இருக்கும். உண்மையான சிக்கல்கள் இரண்டு. ஒன்று, இசை இரைச்சலுக்கு அடியில் மூழ்கினால் தூக்கலாக நிற்கும் புள்ளிகள் எல்லாம் மின்விசிறியுடையதும் இருமலுடையதுமாக ஆகிவிடும். இரண்டு, மெல்லிய பகுதிகளில் பெரும்பாலும் நீண்ட கார்வைகள்தான் இருக்கும். ஒரே ஸ்வரம் நான்கு விநாடி நின்றால் புதிதாகத் தொடங்கும் ஒலிகள் குறைவு, அதனால் புள்ளிகள் குறைவு, இணைகள் இன்னும் குறைவு. பியானோ துள்ளும் பத்து விநாடியில் கிடைப்பதில் சிறு பங்குதான் இதில் கிடைக்கும்.

போனும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. வீடியோ எடுக்கும்போதும் அழைப்பின்போதும் மாறாமல் தொடரும் ஒலியை இரைச்சல் என்று எண்ணி அமுக்கும் வசதி பல போன்களில் உண்டு. பேச்சுக்கு அது நல்லது. ஒரே சீராக நிற்கும் வயலின் கார்வைக்கு அது எமன்.

செய்ய வேண்டியவை இவை. இன்னும் அந்த இடத்திலேயே இருக்கிறீர்கள் என்றால், மெல்லிய பகுதியில் அழுத்தாமல் காத்திருங்கள். தாளம் சேர்ந்து, கருவிகள் கூடும் இடத்தில் அழுத்துங்கள். ஒலிபெருக்கிக்கு அருகே போங்கள், மைக் துளையைக் கையாலோ உறையாலோ மூடாமல் அந்தப் பக்கம் திருப்புங்கள். ஆப் கேட்கும் நேரத்தை முழுதாகக் கொடுங்கள். பதினைந்து விநாடித் துண்டு ஐந்து விநாடித் துண்டைவிட நிறைய இரைச்சலைத் தாங்கும்.

கையில் கிளிப் மட்டும் இருந்தால், ஒரு போனில் ஓட்டி இன்னொரு போனில் கேட்க வைக்காதீர்கள். சின்ன ஒலிபெருக்கி தாழ்ந்த ஸ்வரங்களை விழுங்கிவிடும், அறையின் இரைச்சல் இன்னொரு முறை சேரும். ஷாஸாமை அதே போனில் இயக்கி, அந்தப் போனுக்குள்ளேயே ஓடும் ஒலியைக் கேட்க வைக்கலாம். கணினி இருந்தால், நல்ல இருபது விநாடியை மட்டும் வெட்டி எடுத்து, ஒலி அளவைச் சீராக்கி ஓட்டுங்கள். `ffmpeg` தெரிந்தவர்களுக்கு:

```
ffmpeg -ss 45 -t 20 -i clip.mp4 -vn -ac 1 -af "highpass=f=60,loudnorm" -ar 44100 thundu.wav
```

இதில் 45 என்பது தொடங்கும் விநாடி, 20 என்பது நீளம். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலைக் குறைத்து, மொத்த ஒலியை ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறது. இதற்கு மேல் இரைச்சல் நீக்கும் வித்தைகளைச் செய்யாதீர்கள். காதுக்குத் தெளிவாகத் தோன்றினாலும், இரைச்சலோடு சேர்த்து ஆப்புக்குத் தேவையான புள்ளிகளையும் அவை வழித்துவிடுவது உண்டு.

இங்கே ஒரு தனிச் சங்கதி. குட்டி வீடியோக்களில் போடும் பாட்டுகளை வேகமாக்கியோ மெதுவாக்கியோ போடுவது இப்போது சகஜம். பதிவுதான், சத்தமும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஆப் கைவிரிக்கிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல் இருக்கட்டும். குரல் குழந்தைத்தனமாகக் கேட்டால் வேகம் கூட்டியிருக்கிறார்கள். அதைத் திருப்பிக் கொண்டுவரலாம்:

```
ffmpeg -i thundu.wav -af "asetrate=44100*0.94,aresample=44100" thundu2.wav
```

0.94 என்பது ஏறக்குறைய அரைக் கட்டை இறக்கம். 0.90, 0.85, 0.80 என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். மெதுவாக்கிய பாட்டுக்கு 1.1, 1.2 என்று மேலே போங்கள். குரல் இயல்பாகக் கேட்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் விடை இருக்கும்.

உங்கள் போன் சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் பதிவை அதே இடத்தில், அதே ஒலி அளவில் ஓட்டி ஆப்பைக் கேட்க வையுங்கள். அது சிக்கினால் மைக்கிலும் இணையத்திலும் குறை இல்லை, கிளிப்பில்தான் விஷயம்.

நம் எழுபது விநாடிக் கிளிப்புக்கு இது எதுவும் உதவாது. அது மேடையில் வாசித்தது. வெட்டி, சீராக்கி, ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்தேன், எதிர்பார்த்தபடி ஒன்றும் வரவில்லை. அதோடு கைரேகைப் பாதையை மூடிவிட்டேன்.

மெட்டைத் தேடும் ஆப்கள்

நேரடி நிகழ்ச்சிக்கு வேறு வகை ஆப் வேண்டும். ஹம்மிங்கைக் கேட்பவை கருவி, குரல், கட்டை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, சுருதி எப்படி ஏறி இறங்குகிறது என்ற வடிவத்தை மட்டும் ஒப்பிடுகின்றன. சவுண்ட்ஹவுண்ட் இதை நெடுநாளாகச் செய்கிறது. கூகுள் தேடலில் 2020 அக்டோபரில் இந்த வசதி வந்தது. மைக்கை அழுத்தி, பாட்டைத் தேடும் பொத்தானைத் தட்டி, பத்து முதல் பதினைந்து விநாடி ஹம் செய்ய வேண்டும். ஒரே மெட்டை யார் எந்தக் கட்டையில் பாடினாலும் வடிவம் ஒன்றுதான் என்பதால், ஸ்டூடியோ பதிவும் மேடைப் பாட்டும் இங்கே ஒன்றாகிவிடும்.

ஆனால் நேரடிக் கிளிப்பையே இந்த ஆப்பின் முன் ஓட்டினால் பலன் குறைவு. பல கருவிகள், எதிரொலி, கைத்தட்டல் எல்லாம் கலந்திருக்கும்போது எது மெட்டு, எது துணை என்று பிரிப்பது கடினம். அந்த வேலையை மனிதக் காது சுலபமாகச் செய்யும். எனவே கிளிப்பைக் காதொலிப்பானில் நீங்கள் கேளுங்கள், மெட்டை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், பிறகு நீங்களே பாடிக் காட்டுங்கள். ஆப்புக்கும் மேடைக்கும் நடுவே நீங்கள் வடிகட்டி.

இங்கேயும் தோற்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் காரணம் "ம்ம்ம்" தான். வாயை மூடி ஹம் செய்யும்போது, அடுத்தடுத்து ஒரே ஸ்வரம் இரண்டு முறை வந்தால் இரண்டும் ஒட்டி ஒரே நீண்ட ஸ்வரமாகிவிடும். மெட்டின் பாதி அடையாளம் அங்கேயே போய்விடும். போதாததற்கு, சீராக நிற்கும் "ம்ம்ம்" ஒலியை மின்விசிறி என்று நினைத்துப் போன் அமுக்கிவிடவும் கூடும். "த த த" என்றோ "ல ல ல" என்றோ பாடுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு தொடக்கம் கிடைக்கும். விசிலும் நன்றாக வேலை செய்யும்.

அடுத்து, எங்கே தொடங்குவது. பாட்டின் முன்னிசையையோ நடுவில் வரும் கருவி இசையையோ பாடாதீர்கள், அது உங்களுக்கு எவ்வளவு பிடித்தாலும். திரும்பத் திரும்ப வரும் பல்லவியைப் பாடுங்கள். ஒரு வாக்கியத்தின் தொடக்கத்தில் ஆரம்பித்து, மூச்சு விடும் இடங்களைத் தவிர நடுவில் நிறுத்தாமல் பத்துப் பதினைந்து விநாடி. அலங்காரமான குழைவுகளை விட்டுவிட்டு எலும்பை மட்டும் பாடுங்கள். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போனால் நடுவில் இல்லாத ஸ்வரங்கள் எல்லாம் இருப்பதாகப் பதிவாகும்.

கட்டை எதுவாகவும் இருக்கலாம், ஆனால் நடுவில் மாறக் கூடாது. மிகத் தாழ்வாகத் தொடங்கிவிட்டு, மேல் ஸ்வரம் வரும்போது எட்டாமல் கட்டையை மாற்றுவது எல்லோரும் செய்யும் தவறு. முதலில் அந்தத் துண்டின் மிக உயர்ந்த ஸ்வரத்தை ஒருமுறை பாடிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மிகத் தாழ்ந்த குரல் போன் மைக்கில் சரியாக விழாது, நடுத்தர உயரம் நல்லது.

ராப் போலப் பேச்சு நடையில், ஒன்றிரண்டு ஸ்வரங்களிலேயே நிற்கும் பாட்டுகளுக்கு இந்த வழி உதவாது. வடிவமே இல்லாததைத் தேட முடியாது. அவற்றுக்கு வரிகள்தான் துணை.

நண்பரிடம் "ம்ம்ம்" வேண்டாம், "ல ல" என்று பாடச் சொன்னேன். இந்த முறை வந்த பட்டியலில் முதலாவது சம்பந்தமில்லாத ஒரு பாட்டு. இரண்டாவதும் மூன்றாவதும் வெவ்வேறு பெயரில், ஒன்று சேர்ந்திசைக் குழு பாடியது, மற்றது பியானோ பழகுவோருக்கானது. கேட்டால் இரண்டிலும் ஒரே மெட்டு. இது நல்ல அறிகுறி. ஆப் காட்டும் பொருத்தச் சதவீதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அது வடிவம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, விடை சரியாக இருக்கும் வாய்ப்பைச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக, பாட்டின் வேறொரு பகுதியைப் பாடி இன்னொரு முறை தேடுங்கள். அதே பெயர் மறுபடி வந்தால் நம்பலாம்.

ஏற்ற இறக்கத்தை எழுதித் தேடுவது

ஆப்பை அடியோடு விட்டுவிட்டுத் தேடும் ஒரு பழைய வழி உண்டு. டெனிஸ் பார்சன்ஸ் என்பவர் 1975-இல் வெளியிட்ட மெட்டு அகராதியில் பயன்படுத்தியது. ஸ்வரம் என்ன என்றே தெரிய வேண்டாம். முதல் ஸ்வரத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்வரமும் முந்தையதைவிட மேலே போனால் `U`, கீழே வந்தால் `D`, அதே இடத்தில் நின்றால் `R`. நீளம், தாளம், இடைவெளி எதுவும் கணக்கில்லை. கருவி இசைக்கும் பழைய மரபு மெட்டுகளுக்கும் இது கைகொடுக்கும், ஏனென்றால் ஹம்மிங் ஆப்களின் பலம் பிரபலமான பாட்டுகளில்தான்.

நம் கிளிப்பில் தாழ்ந்த தந்திகள் வாசித்ததைக் காதொலிப்பானில் கேட்டு எழுதினால் இப்படி வரும்:

க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, க ரி ரி

முதல் க-வுக்கு நட்சத்திரம். இரண்டாவது க அதே இடம், `R`. ம மேலே, ப மேலே, `UU`. மறுபடி ப, `R`. ம, க, ரி, ஸ என நான்கு முறை இறக்கம், `DDDD`. ஸ மறுபடி, `R`. ரி, க என ஏற்றம், `UU`. க மறுபடி, `R`. ரி இறக்கம், `D`. ரி மறுபடி, `R`. சேர்த்தால்:

```
*RUURDDDDRUURDR
```

இதில் எத்தனை `R` இருக்கிறது பாருங்கள். வாயை மூடி ஹம் செய்தபோது ஐந்தும் காணாமல் போயிருக்கும். நண்பரின் முதல் முயற்சி ஏன் தோற்றது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

பதினான்கு எழுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. கணக்குப்படி 47,82,969 வடிவங்கள் சாத்தியம். உண்மையில் மெட்டுகள் இவ்வளவு சீராகப் பரவியிருப்பதில்லை, சில வடிவங்கள் அடிக்கடி வரும். ஆனாலும் பன்னிரண்டு, பதினைந்து எழுத்து இருந்தால் பட்டியல் கையாளும் அளவுக்குச் சுருங்கிவிடும். ஐந்தாறு எழுத்தோடு தேடினால் கடலில் பெருங்காயம் கரைத்த கதைதான். `musipedia.org` தளத்தில் இந்த எழுத்துகளை அப்படியே தட்டித் தேடலாம். திரையில் உள்ள பியானோவில் வாசித்தும் தேடலாம், அது இடைவெளிகளையும் தாளத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் இன்னும் கூர்மையானது.

தவறு வருவது பெரும்பாலும் சிறு அலங்கார ஸ்வரங்களில். வாசிப்பவர் ஓடும்போது தொட்டுவிட்டுப் போன ஒன்றை நீங்கள் தனி ஸ்வரமாக எண்ணினால் நடுவில் இரண்டு எழுத்து கூடிவிடும். விடை வராவிட்டால் அப்படிப்பட்ட ஸ்வரங்களை எடுத்துவிட்டு மறுபடி தேடுங்கள். முடிவு சந்தேகமாக இருந்தால் கடைசி எழுத்துகளை வெட்டுங்கள், தொடக்கத்தை வெட்டாதீர்கள். தொடக்கமே தவறாக இருக்கலாம் என்று தோன்றினால், அதாவது கிளிப் பாட்டின் நடுவிலிருந்து தொடங்கியிருந்தால், அடுத்த வாக்கியம் தொடங்கும் இடத்திலிருந்து புதிதாக எழுதுங்கள்.

இந்தப் பதினான்கு எழுத்துக்கு உரிய மெட்டு பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் வரும் ஆனந்தப் பாடல் மெட்டு. 1824-இல் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. சேர்ந்திசையும் பியானோப் பாடமும் வந்ததற்குக் காரணம் இப்போது புரியும், அந்த மெட்டை எடுத்தாளாத இசைத் தொகுப்பு குறைவு.

கிளிப்பின் வினோதமும் விளங்கிவிட்டது. அந்தப் பகுதியில் மெட்டு முதன்முறை முழுதாக வரும்போது செல்லோவும் டபுள் பேஸும் மட்டும், துணையே இல்லாமல், மெல்ல வாசிக்கின்றன. பிறகுதான் வயோலா சேர்கிறது, பசூன் பக்கத்தில் வேறொரு இழை பின்னுகிறது, அடுத்து வயலின்கள், கடைசியில் முழு இசைக்குழு. நண்பர் ஹம் செய்வதற்குக் கேட்டுக்கொண்டிருந்தது மிகவும் மங்கலான முதல் சுற்றை. கிளிப்பிலேயே நாற்பத்தைந்தாவது விநாடியை ஒட்டி, அதே மெட்டு மேல் சுருதியில் தெளிவாகத் திரும்புகிறது. அதைக் கேட்டுப் பாடியிருந்தால் ஸ்வரங்கள் இன்னும் துல்லியமாக வந்திருக்கும். மெல்லிய பகுதியில் மாட்டிக்கொண்டால், அதே மெட்டு பின்னால் உரக்க வருகிறதா என்று கிளிப்பைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள்.

ஒலிக்கு வெளியே

மெட்டும் சிக்கவில்லை என்றால் ஒலியை விட்டுவிட்டு மற்றத் தடயங்களுக்குப் போக வேண்டும். பாடல் வரி இருந்தால் இது உண்மையில் முதல் படியாகவே இருக்க வேண்டும். நிச்சயமாகக் கேட்ட நான்கைந்து சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். சந்தேகமான சொல்லைச் சேர்த்தால் தேடல் கெட்டுவிடும், அதைவிட்டு இரண்டு உறுதியான துண்டுகளைத் தனித்தனி மேற்கோளில் போடுவது மேல்.

மேடை நிகழ்ச்சி என்றால் யார், எங்கே, எந்தத் தேதி என்பவை மெட்டைவிட வலுவான தடயங்கள். பாப், ராக் கச்சேரிகளில் எந்த வரிசையில் என்ன பாடினார்கள் என்பதை ரசிகர்கள் `setlist.fm` தளத்தில் பதிவு செய்கிறார்கள். அதில் உங்கள் பாட்டுக்கு முன்னால் வந்தது எது, பின்னால் வந்தது எது என்று தெரிந்தால், நடுவில் இருப்பது தானாகத் தெரியும். இசைக்குழுக்கள் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அச்சிடுவார்கள், பழைய நிரல்கள் அவர்களுடைய தளத்திலேயே இருப்பதும் உண்டு. வீடியோ எடுத்த தேதி தெரியாவிட்டால் கோப்பின் விவரத்தில் பாருங்கள். வாட்ஸ்அப் மாதிரியான ஆப்கள் வழியாக வந்த கோப்பில் அது பெரும்பாலும் அழிந்திருக்கும், எடுத்தவரிடமே மூலக் கோப்பைக் கேளுங்கள்.

தெரிந்தவர்களிடம் கேட்பது என்று முடிவு செய்தால், எழுபது விநாடி முழுவதையும் அனுப்பாதீர்கள். மெட்டு தெளிவாக இருக்கும் இருபது விநாடி, எந்தக் கருவி, எங்கே எப்போது கேட்டது, எந்தெந்த விடைகளை ஏற்கெனவே தள்ளிவிட்டீர்கள் என்பது போதும். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால், நீங்கள் தள்ளிய அதே விடையைத்தான் பத்துப் பேரும் சொல்வார்கள்.

நண்பருக்குப் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி வந்தது, "அன்னிக்கு வாசிச்ச அதே பதிவு கிடைக்குமா?" என்று. அந்த மாலையை யாரும் ஒலிப்பதிவு செய்து வெளியிட்டிருந்தால் கிடைக்கும், அப்படி வெளியிட்டிருந்தால் கைரேகை ஆப்பும் ஒருவேளை கண்டுபிடித்திருக்கும். நிரலில் குழுவின் பெயரும் நடத்துநரின் பெயரும் இருக்கும், அவர்களுடைய வேறு பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள் என்றேன். நிரலைப் பத்திரமாக வைத்திருக்கிறாராம், பெட்டியில் தேடிக்கொண்டிருக்கிறார்.